vali என்றால் வலியா, வழியா? ஆங்கில எழுத்தில் வரும் தமிழ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். ஆங்கில எழுத்தில் வந்த தமிழ்ச் செய்தியைக் காட்டி இதற்கு என்ன பொருள் என்று கேட்பவர்கள் ஏராளம். வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகள், தமிழ்க் குடும்பத்தில் மணமுடித்தவர்கள், தமிழ் தெரிந்தும் தடுமாறுகிறவர்கள் என்று பலரும் வருகிறார்கள். பெரும்பாலும் ஒரே ஒரு சொல்லைத்தான் காட்டுவார்கள். யார் எழுதியது, எதற்கு மறுமொழியாக எழுதியது என்ற விவரம் எதுவும் இருக்காது. அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கான விடைகளை இங்கே எழுதுகிறேன். கூடுமான வரை vali என்ற ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு போகிறேன். இந்தக் குழப்பத்தின் எல்லா முகங்களும் அந்த ஒரு சொல்லில் இருக்கின்றன.

"vali என்று மட்டும் வந்திருக்கிறது. இதற்கு என்ன பொருள்?"

உடம்பு நோகும் வலி, நடந்து போகும் வழி, வீசும் வளி, கிட்கிந்தையை ஆண்ட வாலி, கிணற்றடியில் இருக்கும் வாளி. ஐந்துக்கும் இந்த நான்கு எழுத்துகளைத்தான் மக்கள் தட்டுகிறார்கள். வினைச்சொற்களையும் சேர்த்தால் இன்னும் நீளும். பாத்திரம் நிரம்பி வழிவது, முகம் வழிப்பது, துடுப்பு வலிப்பது எல்லாவற்றின் வேர்ச்சொல்லும் இதே தோற்றத்தில் வரும்.

கட்டாயமாக ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும் என்றால், அன்றாடச் செய்தியில் வருவது வலி அல்லது வழி. இவ்விரண்டுக்குள் எது என்பதை அந்தச் சொல்லை மட்டும் வைத்து எவராலும் சொல்ல முடியாது. வாளியும் வாலியும் பேச்சு அந்தப் பக்கம் போயிருந்தால்தான் வரும். வளி என்பது தமிழ்நாட்டில் வளிமண்டலம் போன்ற பாடநூல் சொற்களோடு நின்றுவிடும். ஆனால் செய்தி இலங்கையில் படிக்கும் மாணவரிடமிருந்து வந்திருந்தால் அதை ஒதுக்காதீர்கள். அங்கே காற்று மாசடைவதைப் பாடத்தில் வளி மாசடைதல் என்றே சொல்கிறார்கள்.

"ஒரே எழுத்துக்கூட்டலில் எப்படி இத்தனை சொற்கள் வந்து விழுகின்றன?"

தமிழிலிருந்து ஆங்கில எழுத்துக்குப் போகும்போது மூன்று வேறுபாடுகள் உதிர்கின்றன. முதலாவது, குறில் நெடில். a என்ற ஒரே எழுத்து அகரத்துக்கும் ஆகாரத்துக்கும் நிற்கிறது. வளியும் வாளியும் ஒன்றானது இதனால்தான். இரண்டாவது, மயங்கொலி எழுத்துகள். ல, ள, ழ மூன்றும் l ஆகின்றன. ந, ன, ண மூன்றும் n ஆகின்றன. ர, ற இரண்டும் r ஆகின்றன. மூன்றாவது, இரட்டிப்பு. அவசரத்தில் தட்டுகிறவர்கள் இரட்டை மெய்யை ஒற்றையாக்கிவிடுகிறார்கள். அதனால் pathi என்பது பதி, பாதி, பத்தி என்ற மூன்றுக்கும் பொதுவாகிறது. பேச்சு வழக்கில் எழுதுகிறவரானால் "பற்றி" என்பதும் அதில்தான் வந்து சேரும்.

ஒரு சொல்லில் இவற்றுள் ஒன்று மட்டும் உதிர்ந்தால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். இரண்டு சேர்ந்து உதிர்ந்தால்தான் கூட்டம் கூடுகிறது. kalai என்பதைப் பாருங்கள். கலை, களை, கழை, காலை, காளை என்று ஐந்து வருகின்றன. l பக்கம் மூன்று வாசல், a பக்கம் இரண்டு வாசல். ஆறு சேர்க்கைகளில் ஐந்துக்குத் தமிழில் சொல் இருக்கிறது.

"இது இந்தக் காலத்துச் சோம்பலால் வந்த குழப்பம்தானே?"

இல்லை. எழுத்தில் இல்லாததை வாசிப்பவர் நிரப்பிக்கொள்வது தமிழுக்குப் பழைய பழக்கம். ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டார்கள். மெய்யெழுத்தா, அகரம் ஏறிய உயிர்மெய்யா என்பதை வாசிப்பவர்தான் தீர்மானிக்க வேண்டும். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் தோற்றத்தில் வேறுபாடு இருக்காது. நெடிலைக் காட்டும் காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் வடிவத்தில் பிரித்துக் காட்டினார். அச்சு பரவிய பிறகே புள்ளியும் நிலைத்தது.

ஆனால் சுவடியை வாசித்தவர்களிடம் பிடிமானம் இருந்தது. செய்யுளின் தளை தட்டினால் குறிலைத் தவறாக நெடிலாக்கிவிட்டோம் என்று தெரியும். எதுகை விழாவிட்டால் இரண்டாம் எழுத்தைத் திரும்பப் பார்ப்பார்கள். ஒற்றைச் சொல்லாக வந்து நிற்கும் செய்தியில் அப்படிப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

"பக்கத்தில் இன்னொரு சொல் இருந்தால் போதுமா?"

பல நேரங்களில் போதும், அந்தப் பக்கத்துச் சொல்லும் குழப்பமானதாக இருந்தால்கூட. kal என்பது கல், கள், கால் மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். vali ஐந்தில் எதுவாகவும் இருக்கலாம். இரண்டையும் சேர்த்து kal vali என்று எழுதினால் கணக்குப்படி பதினைந்து சேர்க்கைகள். அவற்றில் தமிழர் வாயில் வருவது கால் வலி ஒன்றுதான். arai என்பது அரையாகவும் இருக்கலாம், அறையாகவும் இருக்கலாம். arai mani என்றால் அரை மணி. arai vadagai என்றால் அறை வாடகை.

சில இடங்களில் பக்கத்துச் சொல்லைவிட அதன் வேற்றுமை உருபுதான் துப்புக் கொடுக்கும். எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு இது. aval manam purinthu kondaar என்று வந்தால், அவள் மனத்தை அறிந்துகொண்டார். avalai manam purinthu kondaar என்று வந்தால், அவளைத் திருமணம் செய்துகொண்டார். முன்னதில் மனம், பின்னதில் மணம். "அவளை" என்பதில் இருக்கும் ஐ உருபுதான் இரண்டையும் பிரிக்கிறது. மணம் புரிதலுக்கு ஒரு செயப்படுபொருள் வேண்டும். மனம் புரிதலுக்கு அது யாருடைய மனம் என்று தெரிந்தால் போதும். இப்படிச் செய்தியை அனுப்பும்போது அந்த ai என்ற இரண்டு எழுத்துகளை வெட்டிவிட்டு அனுப்புகிறவர்கள் உண்டு. அப்போது நான் முழு வாக்கியத்தையும் கேட்டு வாங்குவேன்.

பக்கத்துச் சொல் கைவிடும் இடங்களும் உண்டு. enakku vali theriyavillai என்பதில் மூன்று சொற்கள் இருக்கின்றன. போகும் பாதை தெரியவில்லை என்றும் படிக்கலாம், நோவு உணரவில்லை என்றும் படிக்கலாம். இலக்கணம் இரண்டையும் ஏற்கிறது.

"அம்மாவிடமிருந்து valiyil irukkiren என்று வந்திருக்கிறது. வழியிலா, வலியிலா?"

ஒரு மகன் என்னிடம் கேட்ட கேள்வி இது. நான் பார்த்தவற்றிலேயே கடினமானது. பக்கத்துச் சொல் இருக்கிறது, உருபும் இருக்கிறது. இருந்தும் இரண்டு பொருளும் அப்படியே நிற்கின்றன. ஊருக்குக் கிளம்பிய அம்மா பாதி தூரத்தில் இருக்கலாம். முழங்காலில் அறுவை முடிந்த அம்மா படுக்கையில் துடித்துக்கொண்டும் இருக்கலாம்.

முதலில் அதற்கு முந்தைய செய்தியைக் காட்டச் சொன்னேன். மகன் "எங்கே" என்று கேட்டதற்கு வந்த மறுமொழியானால் அங்கேயே முடிந்துவிடும். "எப்படி இருக்கிறீர்கள்" என்று கேட்டிருந்தால் மறுபக்கம் சாயும். அவர் முதல்நாள் இரவு கேட்டிருந்தது sowkiyama என்று. அம்மாவின் செய்தி மறுநாள் காலையில் வந்திருந்தது. இடையில் ஒரு முழு இரவு இருப்பதால் அதற்குத்தான் இது விடை என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அடுத்து அம்மாவின் பழைய செய்திகளைப் பார்த்தேன். அவர் பழம் என்பதை எப்படி எழுதுகிறார், வாழை, மழை, கீழே என்பவற்றை எப்படி எழுதுகிறார் என்று தேடினேன். எல்லா இடத்திலும் pazham, mazhai என்று zh போட்டிருந்தால், vali என்பதை வலி என்றே எடுத்துக்கொண்டிருப்பேன். அவர் palam, malai என்றுதான் எழுதியிருந்தார். ஆகவே அவருடைய l எதையும் காட்டிக்கொடுக்கவில்லை.

மூன்றாவது, வழக்கு. தமிழில் நோவு உள்ளவர் "வலிக்கிறது" என்பார், "வலியாக இருக்கிறது" என்பார். "வலியில் இருக்கிறேன்" என்று தன்னைப் பற்றியே சொல்வது குறைவு. பிரசவ வலி கண்ட பெண்ணைப் பற்றிப் பிறர் "வலியில் இருக்கிறாள்" என்று சொல்வார்கள். "வழியில் இருக்கிறேன்" என்பதோ பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும் எவரும் சொல்வது. இதை வைத்து வழி என்பதற்கே கூடுதல் வாய்ப்பு என்று சொன்னேன்.

அப்படிச் சொன்ன கையோடு, உடனே அம்மாவைத் தொலைபேசியில் அழையுங்கள் என்றும் சொன்னேன். வழி என்று நம்பிச் சும்மா இருந்து அது வலியாக இருந்தால் இழப்பு பெரியது. வலி என்று பயந்து அழைத்து அது வழியாக இருந்தால் போவது ஒரு நிமிடம். எந்தப் பொருளுக்கு வாய்ப்பு அதிகம் என்பதோடு, எந்தப் பொருளைத் தவறவிட்டால் கேடு அதிகம் என்பதையும் பார்க்க வேண்டும். உடல்நலம், பணம், பயணம் ஆகிய மூன்றிலும் இரண்டாவதற்கே முதலிடம் கொடுப்பேன். அம்மா செங்கல்பட்டைத் தாண்டிவிட்டிருந்தார்.

"அழைத்தால் என்னவென்று கேட்பது? வழியா வலியா என்று கேட்டால் போதாதா?"

போதாது. தமிழ்நாட்டின் பல ஊர்களில், குறிப்பாகத் தென்மாவட்டங்களில், பேச்சில் ழகரம் ளகரமாக ஒலிக்கும். வேகமாகப் பேசினால் ளகரமும் லகரமும் காதுக்குப் பிரியாது. எழுத்தில் இருந்த குழப்பத்தையே ஒலியில் திரும்ப வாங்குவீர்கள். "எங்கே வந்துகொண்டிருக்கிறீர்கள்?" என்றோ "உடம்புக்கு என்ன?" என்றோ கேளுங்கள். குழப்பமான அந்தச் சொல் கேள்வியிலும் வரக்கூடாது, விடையிலும் வரத் தேவையில்லாதபடி கேட்க வேண்டும். பெரியவர்களுக்கு அவர்கள் எழுதியதில் குறை கண்டதாகவும் தோன்றாது.

"zh இல்லை. அப்படியானால் அது ழ இல்லை என்று வைத்துக்கொள்ளலாமா?"

எழுதியவரைப் பொறுத்தது. zh என்பது தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பரவிய வழக்கம். இலங்கைத் தமிழர்கள் ழகரத்துக்கு l போடுவதே அதிகம். ஈழம் என்பதை Eelam என்றுதான் உலகமே எழுதுகிறது. தமிழ் என்ற நம் மொழியின் பெயரே Tamil என்று l கொண்டுதான் முடிகிறது. ஆகவே யாழ்ப்பாணத்துக்காரர் எழுதிய palam பலமாகவும் இருக்கலாம், பழமாகவும் இருக்கலாம், பாலமாகவும் இருக்கலாம்.

zh இருந்தால் அது ழ என்று பெரும்பாலும் நம்பலாம். zh இல்லாதது ஒன்றையும் நிறுவாது. அந்த ஒருவரின் மற்றச் சொற்களில் zh வந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அதற்குப் பொருள் உண்டாகும்.

"சொல்லின் நடுவில் L, N, R என்று பெரிய எழுத்து வருகிறது. தவறா, குறிப்பா?"

நடுவில் வந்தால் பெரும்பாலும் குறிப்பு. தமிழ் எழுதும் ஒலிபெயர்ப்பு மென்பொருள்களைப் பயன்படுத்திப் பழகியவர்கள் L என்றால் ள, N என்றால் ண, R என்றால் ற என்ற வழக்கத்தை அரட்டையிலும் தொடர்கிறார்கள். paNam என்று எழுதுகிறவர் பணத்தைத்தான் சொல்கிறார். பானம் என்று கொள்ள வேண்டாம்.

முதலெழுத்து பெரியதாக இருந்தால் அதைப் பொருட்படுத்தாதீர்கள். வாக்கியத்தின் முதல் எழுத்தைத் தொலைபேசியே பெரிதாக்குகிறது.

"ee என்றால் ஈயா, ஏயா? oo என்றால் ஊவா, ஓவா?"

இரண்டு பழக்கமும் நடப்பில் இருக்கின்றன. ஆங்கில ஒலிப்பை நினைத்து எழுதுகிறவருக்கு ee ஈகாரம். எழுத்தை இரட்டித்தால் நெடில் என்று நினைக்கிறவருக்கு அது ஏகாரம். அதனால் keel என்பது கீழாகவும் இருக்கலாம், கேளாகவும் இருக்கலாம். koodu என்பது கூடாகவும் கோடாகவும் வரும். அவர் வீடு, நேரம் என்ற இரண்டு சொற்களையும் எப்படி எழுதுகிறார் என்று பார்த்தால் போதும், அவருடைய பழக்கம் தெரிந்துவிடும்.

"t, d, th மூன்றும் மாறி மாறி வருகின்றன. எதை நம்புவது?"

th பெரும்பாலும் தகரம். குழப்பம் d எழுத்தில்தான். இடையில் மென்மையாக ஒலிக்கும் தகரத்துக்குச் சிலர் dh போடுகிறார்கள், சிலர் h போட மறக்கிறார்கள். அதனால்தான் kadal என்பது கடலா காதலா என்ற கேள்வி வருகிறது. kadai கடையா கதையா, padam படமா பாடமா பாதமா என்பதும் அதே வகை. இங்கே பக்கத்துச் சொல் நன்றாக உதவும். கடைக்குப் போவார்கள், கதையைக் கேட்பார்கள்.

ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. சில இடங்களில் ஆங்கில எழுத்து தமிழெழுத்தைவிடக் கூடுதலாகச் சொல்கிறது. பரிதாபத்தைச் சொல்லும் பாவமும், நடனத்தில் முகத்தில் வரும் பாவமும் தமிழில் ஒரே எழுத்துக்கூட்டல்தான். paavam, baavam என்று எழுதினால் பிரிந்துவிடும்.

"தட்டும்போதே தமிழெழுத்தாக மாறிவிடுகிறது. அதில் குழப்பம் வராதே?"

குழப்பம் வருகிறது, கண்ணுக்குத் தெரியாமல் வருகிறது. ஆங்கில எழுத்தில் தட்டியதைத் தமிழாக்கும் விசைப்பலகைகள் சில பரிந்துரைகளைக் காட்டும். எழுதுகிறவர் இடைவெளிப் பொத்தானை அழுத்தினால் முதல் பரிந்துரை உள்ளே போய்விடும். வழி என்று நினைத்து vali என்று தட்டியவரின் செய்தியில் வலி என்று தெளிவாக நிற்கும். ஆங்கில எழுத்தில் vali என்றே வந்திருந்தால் உங்களுக்கு ஐயமாவது எழுந்திருக்கும். இப்போது தவறான சொல் முழுத் தமிழ் உருவத்தில் வந்து நிற்பதால் ஐயமே வராது.

தமிழெழுத்தில் வந்த செய்தியில் ஒரு சொல் பொருந்தாமல் துருத்திக்கொண்டிருந்தால், அதை மனத்துக்குள் ஆங்கில எழுத்தாக மாற்றிப் பாருங்கள். பிறகு அதே எழுத்துக்கூட்டலுக்கு வேறெந்தத் தமிழ்ச் சொல் வரும் என்று தேடுங்கள். "காலை வாங்கி வந்தேன்" என்று வந்திருந்தால் kaalai, அதிலிருந்து காளை. மாடு வாங்கியிருக்கிறார்கள்.

"ஆட்பெயரை எப்படித் தமிழில் எழுதுவது?"

ஊகிக்கவே ஊகிக்காதீர்கள். Maran என்பவர் மாறனாகவும் இருக்கலாம், மாரனாகவும் இருக்கலாம். முன்னது பாண்டியர் பெயர், பின்னது மன்மதன் பெயர். எந்தச் சூழலும் இதைத் தீர்க்காது. பெயருக்கு உரியவரிடமோ அவர் வீட்டாரிடமோ தமிழில் எழுதி வாங்குவதுதான் வழி. அழைப்பிதழ் அச்சிடும் முன்பும் கல்வெட்டு வெட்டும் முன்பும் இதைச் செய்தே ஆக வேண்டும்.

"நான் எழுதும்போது பிறரைக் குழப்பாமல் இருக்க என்ன செய்யலாம்?"

தமிழெழுத்திலேயே எழுத முடிந்தால் அதைவிட நல்லது இல்லை. 1999இல் வகுக்கப்பட்ட தமிழ்99 விசைப்பலகையைப் பழகினால் ஆங்கில எழுத்தின் வழியாகச் சுற்றிப் போக வேண்டியதில்லை. ல, ள, ழ மூன்றுக்கும் தனித்தனி விசை உண்டு. தமிழெழுத்தாலும் எல்லாக் குழப்பமும் தீராது. மாலை என்றால் பொழுதா பூமாலையா, ஆறு என்றால் எண்ணா நதியா என்பவை மொழியிலேயே உள்ளவை.

ஆங்கில எழுத்தில்தான் எழுத வேண்டியிருந்தால் நெடிலுக்கு aa, ழகரத்துக்கு zh என்ற இரண்டை மட்டும் விடாமல் கடைப்பிடியுங்கள். பல்கலைக்கழக அகராதிகளில் l எழுத்தின் கீழே கோடும் புள்ளியும் இட்டு ழகரத்தையும் ளகரத்தையும் பிரிப்பார்கள். அது தொலைபேசியில் நடக்கிற காரியம் இல்லை. அதைவிட எளியது, சொல்லையே மாற்றிவிடுவது. vali என்பதற்குப் பதில் valikkirathu என்று வினையாக எழுதினால் வழி என்று எவரும் படிக்க மாட்டார்கள். வழியில் இருப்பதைச் சொல்ல vanthukondirukkiren போதும்.

"பொருள் கேட்டு உங்களுக்கு அனுப்பும்போது எதையெல்லாம் சேர்த்து அனுப்ப வேண்டும்?"

முழு வாக்கியத்தையும் அப்படியே அனுப்புங்கள். எழுத்துப்பிழை என்று நினைத்து எதையும் திருத்தாதீர்கள், அந்தப் பிழையே துப்பாக இருக்கும். அதற்கு முந்தைய செய்தி, இரண்டும் வந்த நேரம், எழுதியவர் எந்த ஊர்க்காரர், உங்களுக்கு என்ன உறவு என்பவையும் வேண்டும். அவரே எழுதிய வேறு மூன்று நான்கு செய்திகள் இருந்தால் இன்னும் நல்லது. அவற்றில் மழை, பழம், வீடு, நேரம், இது, அது போன்ற சொற்கள் வந்திருந்தால் அவருடைய பழக்கத்தை அங்கிருந்து படித்துக்கொள்வேன். அவசரமான செய்தியென்றால் எனக்கு எழுதும் முன் அவரையே அழைத்துவிடுங்கள்.